டிவியிடம் சொல்லி லைட்டை அணைக்க: பல்பில் தொடங்கி டிவியில் முடியுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு என்று ஏழெட்டு வீடுகளில் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். முதலில் அவர்களே முயற்சி பண்ணிப் பார்த்து, பாதியில் நின்று போய், அப்புறம் கூப்பிட்ட வீடுகள்தான் அதிகம். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். டிவியைத் திறந்து, ரிமோட்டில் மைக் பட்டனை அழுத்தி, அங்கிருந்து பல்பைத் தேடுகிறார்கள். டிவிக்குப் பல்பைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது. பல்பு வைஃபையோடு சேர வேண்டும், அந்த பல்பு அதன் சொந்த ஆப்பில் வர வேண்டும், அந்த ஆப் கூகுள் ஹோம் என்ற இன்னொரு ஆப்போடு சேர வேண்டும், டிவி அதே கூகுள் அக்கவுண்டில் இருக்க வேண்டும். இந்த நான்கு கண்ணியும் இதே வரிசையில் கோர்த்தால் ஒன்றரை மணி நேர வேலை. மாற்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

இங்கே நான் சொல்வது கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவியும், ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் இயங்கும் வைஃபை பல்பும், சாக்கெட்டுக்கும் பொருளுக்கும் நடுவில் மாட்டும் வைஃபை பிளக்கும் உள்ள வீட்டுக்கு. நம் ஊர்க் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் பல கம்பெனி பல்புகள் இந்த ஆப்பிலோ, இதே மாதிரி நடக்கும் சொந்த ஆப்பிலோ சேர்பவைதான். பெட்டியில் எந்த ஆப் பெயர் அச்சடித்திருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், படிகள் ஏறக்குறைய இதேதான். சில புதிய டிவிகளில், நாம் பேசுவதைக் கேட்டுச் செய்யும் கூகுள் அசிஸ்டென்ட் இருந்த இடத்தில் கூகுளின் ஜெமினி வந்திருக்கும். அதிலும் முதல் ஐந்து படியில் மாற்றம் இல்லை.

1. கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியது

முதலில் ஹோல்டரைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்பும் ஹோல்டர், அதற்கு B22 பல்பு. ஃபேன்சி லைட், தொங்கு விளக்கு போட்ட வீட்டில் திருகுகிற மாதிரி E27 இருக்கும். ஆன்லைனில் வாங்கும்போது இந்த எழுத்தைப் பார்க்காமல் வாங்கித் திருப்பி அனுப்பியவர்கள் நிறைய.

அந்தப் பாயிண்டில் டிம்மர் ரெகுலேட்டர் இருந்தால் ஸ்மார்ட் பல்பைப் போடாதீர்கள். பல்புக்குள் இருக்கும் சிறிய சர்க்யூட்டுக்கு முழு வோல்டேஜ் எப்போதும் வேண்டும். டிம்மர் அதைக் கடித்துக் கடித்துக் கொடுப்பதால் பல்பு மினுக்கும், வைஃபையில் இருந்து விழும், சீக்கிரம் கெட்டும் போகும்.

பிளக்கில்தான் கவனம் அதிகம் வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் பிளாஸ்டிக் உருகும். பிளக்கின் மேல் 6A, 10A, 16A என்று போட்டிருக்கும். உங்கள் பொருளின் அடியில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். கொசு விரட்டி, டேபிள் ஃபேன், சீரியல் லைட் எல்லாம் 6A பிளக்கில் தாராளமாக ஓடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், அதுவும் ஓடும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். அதை 6A பிளக்கில் மாட்டவே கூடாது, 10A பிளக்கும் எனக்குத் திருப்தி இல்லை, மணிக்கணக்கில் ஓடும் பொருளுக்கு 16A பிளக்தான். அதற்குப் பெரிய மூன்று பின் சாக்கெட் சுவரில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாட்டி இருபது நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் லோடு அதிகம் அல்லது சாக்கெட் லூஸ்.

கிணற்று மோட்டார், போர் மோட்டார், ஃபிரிட்ஜ் இதெல்லாம் இந்த பிளக்குகளில் வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், பிளக்குக்குள் கரண்டை வெட்டிச் சேர்க்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். தோட்டத்து மோட்டாருக்கு இந்த வசதி வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, கான்டாக்டர் என்ற மோட்டார் லோடு தாங்கும் பெரிய ரிலே வைத்துச் செய்யுங்கள், அது தனி வேலை.

இன்னும் இரண்டு பொருளை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக் கூடாது: டிவியும், வைஃபை ரூட்டரும். டிவிக்குக் கரண்டே போய்விட்டால் அடுத்த கட்டளையைக் கேட்க ஆள் இல்லை. ரூட்டரை அணைத்துவிட்டால் அதைத் திரும்பப் போடச் சொல்ல வழியே இல்லை.

2. வைஃபையை முதலில் சரி பண்ணுங்கள்

இந்த பல்பும் பிளக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். இப்போது வரும் ஃபைபர் ரூட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகின்றன. போன் 5-இல் இருக்கும், பல்பு 2.4-ஐத் தேடும், சேர்க்கும்போது 100% வரை எண்ணிவிட்டுத் தோற்றுவிடும். பல்பு கெட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போனவரை எனக்குத் தெரியும்.

வழி இதுதான். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரியும் யூசர் பெயரும் இருக்கும். போனின் பிரவுசரில் அந்த முகவரியைப் போட்டு உள்ளே போய், இரண்டு பேண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். உதாரணமாக `veedu` என்பது 2.4, `veedu5` என்பது 5. பாதுகாப்பு வகை WPA2 ஆக இருக்கட்டும். WPA3 மட்டும் என்று இருந்தால் பழைய மாடல் பல்புகள் உள்ளே வர முடியாது. உள்ளே போகத் தெரியவில்லை என்றால் கனெக்‌ஷன் கொடுத்த கேபிள்காரரிடம் சொன்னால் செய்து கொடுப்பார், இது அவர்களுக்குப் பழகிய வேலை.

அப்புறம் போனை `veedu`வில் சேர்த்துவிட்டு, பல்பு இருக்கப் போகும் இடத்தில் போய் நின்று ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். சுற்றிக்கொண்டே நின்றால் பல்புக்கும் அதே கதிதான். பழைய ஓட்டு வீடுகளில் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், அதைத் தாண்டி சிட்அவுட்டுக்கு சிக்னல் போகாது. அப்படிப்பட்ட வீட்டில் ரூட்டரை அலமாரிக்குள் இருந்து எடுத்து ஜன்னல் பக்கம் உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். நாளை மாற்றினால் எல்லா பல்பையும் ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டிவரும்.

3. பல்பையும் பிளக்கையும் அதன் ஆப்பில் சேர்ப்பது

ஸ்மார்ட் லைஃப் ஆப்பைப் போட்டு, நாடு இந்தியா என்று தேர்ந்து, ஒரு அக்கவுண்ட் திறங்கள். பாஸ்வேர்டைக் காலண்டர் பின்னாலோ டைரியிலோ எழுதி வையுங்கள். ஐந்தாம் படியில் இது மறுபடி வேண்டும், அப்போது "நான் எந்த நம்பரில் போட்டேன்" என்று தேடுகிறவர்கள்தான் பாதிப் பேர்.

போனில் லொகேஷன், புளூடூத் இரண்டையும் போட்டு, ஆப் கேட்கும் அனுமதிகளைக் கொடுங்கள். வைஃபையையும் பக்கத்துக் கருவிகளையும் தேட ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கேட்கிறது, கொடுக்கவில்லை என்றால் ஆப்புக்குக் கண் தெரியாது. விபிஎன் ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள்.

பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை ஆன்-ஆஃப், ஆன்-ஆஃப், ஆன் என்று ஒரு நொடிக்கு ஒன்றாகத் தட்டுங்கள். சில பல்புக்கு மூன்று தடவை, சிலதுக்கு ஐந்து, பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். கடைசியில் ஆனில் நிறுத்த வேண்டும். பல்பு வேகமாக மினுக்கத் தொடங்கினால் அது தயார். பிளக்குக்கு அதன் பக்கவாட்டுப் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், குட்டி விளக்கு மினுக்கும்.

இப்போது ஆப்பில் `Add Device` தட்டினால் பெரும்பாலும் தானே கண்டுபிடித்துக் காட்டும். 2.4 வைஃபையின் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டைப் போடுங்கள். இந்த இடத்தில் பாஸ்வேர்டு தப்பாகப் போட்டாலும் ஆப் உடனே சொல்லாது, எண்ணி முடித்துத்தான் தோற்கும். அதனால் கண் ஐகானைத் தட்டி எழுத்தைப் பார்த்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மினுக்கவிடாதீர்கள். ஒன்றைச் சேர்த்து, ஆப்பில் இருந்து ஆன், ஆஃப் பண்ணிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. சேர்ந்த பிறகு போனின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இது முக்கியமான சோதனை. டிவி சொல்லும் கட்டளை வீட்டுக்குள்ளேயே பல்புக்குப் போவதில்லை, வெளியே சர்வருக்குப் போய்த்தான் திரும்ப வருகிறது. மொபைல் டேட்டாவில் பல்பு எரிந்தால் அந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். நெட் போனால் குரல் கட்டளை வேலை செய்யாததற்கும் இதுவே காரணம்.

4. பெயர் வைப்பது

சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் தினமும் கஷ்டப்படுத்துவதும் இதுதான். ஆப்பில் பல்பு வரும்போது `Smart Bulb 3` மாதிரி ஒரு பெயரோடு வரும். கூகுள் ஹோமுக்கு அந்தப் பெயர் அப்படியே போகும். அதனால் இங்கேயே மாற்றிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் டிவியின் மொழியை `English (India)` என்று வைத்து, கட்டளையை ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். அதனால் பெயரும் ஆங்கிலச் சொல்லாக இருந்தால்தான் டிவி பிடிக்கிறது. "தாழ்வாரம்" என்று வைத்துப் பார்த்தோம், பத்துக்கு எட்டு தடவை வேறு ஏதோ எழுதிக் காட்டியது. மைக்கில் பேசியதும் திரையில் அது கேட்டதை எழுதிக் காட்டும், அதைப் படித்தாலே பெயரில் தப்பா, இணைப்பில் தப்பா என்று தெரிந்துவிடும்.

நம் பக்கத்து வீடுகளில் எல்லோரும் வைக்கும் பெயர் `Sit out light`. வேலந்தாவளத்தில் சித்தி வீட்டில் அதைத்தான் வைத்திருந்தார்கள். "டர்ன் ஆன் சிட் அவுட் லைட்" என்று சித்தி சொன்னால் திரையில் `turn on city outlet` என்று வரும். அவுட் என்ற சொல் ஆன், ஆஃபுக்குப் பக்கத்தில் வந்து குழப்புகிறது. `Porch lamp` என்று மாற்றிக் கொடுத்தேன், அன்றையிலிருந்து தடுமாறவில்லை. `Pooja lamp`, `Kitchen lamp`, `Bedroom lamp` எல்லாம் நன்றாகவே பிடிக்கிறது.

அறையின் பெயரையே பொருளுக்கு வைக்காதீர்கள். அறை `Hall`, பிளக்கும் `Hall` என்றால் "டர்ன் ஆஃப் ஹால்" சொன்னதும் ஹாலில் இருக்கும் எல்லாமே அணையும். `TV` என்ற சொல்லையும் எந்தப் பிளக்கிலும் வைக்க வேண்டாம். டிவி பக்கத்தில் இருக்கும் பிளக் என்பதற்காக `TV plug` என்று வைத்துவிட்டு, அதில் மாட்டிய சீரியல் லைட்டை அணைக்கச் சொல்லி டிவியையே அணைத்துக்கொண்ட வீடு உண்டு.

5. ஒரே கூகுள் அக்கவுண்ட், அதில் இணைப்பு

இங்கேதான் நிறையப் பேர் நிற்கிறார்கள். டிவியில் இருப்பது யாருடைய அக்கவுண்ட் என்று முதலில் பாருங்கள். டிவியில் `Settings` போய் `Accounts & sign-in` திறந்தால் மின்னஞ்சல் முகவரி தெரியும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் கூகுள் ஹோம் ஆப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் படத்தைத் தட்டினால் அங்கே ஒரு முகவரி தெரியும். இரண்டும் ஓர் எழுத்து விடாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கென்று தனியாக ஒரு கூகுள் அக்கவுண்ட் திறந்து, அதையே டிவியிலும் ஹோம் ஆப்பிலும் போடுவதுதான் என் கருத்தில் சரி. கல்ஃபில் இருக்கும் பையனின் அக்கவுண்ட் டிவியில் இருந்தால், அவன் அங்கே பாஸ்வேர்டு மாற்றும் அன்றைக்கு இங்கே அம்மாவின் லைட் நின்றுவிடும். வீட்டில் மற்றவர்கள் போனிலும் வேண்டும் என்றால் ஹோம் ஆப்பில் அவர்களை வீட்டின் உறுப்பினராக அழைத்துக்கொள்ளலாம்.

அக்கவுண்ட் சரியான பிறகு, ஹோம் ஆப்பில் வீட்டுக்கு ஒரு பெயர் கொடுத்து உருவாக்குங்கள். `Devices` பக்கத்தில் `Add` தட்டி, `Works with Google Home` என்று வரும் இடத்துக்குப் போங்கள். ஆப்பின் பதிப்பைப் பொறுத்து ஒரு தட்டல் முன்பின் இருக்கும். அங்கே தேடும் பெட்டியில் `Smart Life` என்று தேடி, மூன்றாம் படியில் திறந்த அக்கவுண்டையும் பாஸ்வேர்டையும் போட்டு அனுமதி கொடுங்கள். உடனே பல்பும் பிளக்கும் பட்டியலாக வரும். ஒவ்வொன்றுக்கும் அறையைத் தேர்ந்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். அறை கொடுக்காத பல்பு "ஹால் லைட்ஸ்" என்று சொல்லும்போது சேராது.

பிளக்கில் மாட்டியிருப்பது விளக்கு என்றால், அந்தப் பிளக்கின் செட்டிங்கில் போய் வகையை `Light` என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் "எல்லா லைட்டையும் அணை" என்கிறபோது பூஜை அறை சீரியல் லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

பின்னால் ஒரு பல்பு புதிதாக வாங்கினால் இணைப்பை வெட்டி மறுபடி செய்ய வேண்டாம். ஸ்மார்ட் லைஃபில் சேர்த்து, பெயர் மாற்றிவிட்டு, இதைச் சொன்னால் போதும்:

```
sync my devices
```

6. இப்போதுதான் டிவி

முதலில் டிவியின் நேரத்தைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் கூகுள் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு அமையாது, சைன் இன் கூட நிற்காது. `Settings`, `System`, `Date & time` போய் நெட்வொர்க் நேரத்தைத் தானாக எடுக்கும்படி வையுங்கள். மொழியும் அதே `System` பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது ரிமோட். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. பவர் பட்டனும் வால்யூமும் வேலை செய்கிறது என்பதால் ரிமோட் டிவியோடு சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். அந்தப் பட்டன்கள் பழைய ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட்டில் போகக்கூடும், ஆனால் குரல் புளூடூத்தில்தான் போகும். மைக் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால், `Settings`இல் `Remotes & Accessories` போய் ரிமோட்டை மறுபடி சேருங்கள். எந்த இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று திரையிலேயே காட்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் முதலில் மைக்தான் போகும், வால்யூம் அப்புறம் ஒரு மாதம்கூட ஓடும்.

மைக் பட்டனை முதல் தடவை அழுத்தும்போது சில அனுமதிகள் கேட்கும், கொடுங்கள். பல ரிமோட்டில் பேசி முடிக்கும் வரை பட்டனைப் பிடித்தே இருக்க வேண்டும். தட்டிவிட்டுப் பேசினால் பாதி வாக்கியம்தான் போகும். ரிமோட் இல்லாமல் தூரத்தில் இருந்தே கேட்கும் டிவியாக இருந்தால், டிவியின் கீழ்ப்புறத்தில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும், அது மைக்கை முழுக்க அணைப்பது. தூசி தட்டும்போது அது நகர்ந்துவிட்டால் டிவிக்குக் காது கேட்காது.

கடைசியாக ஹோம் ஆப்பில் டிவியும் ஒரு கருவியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, அதற்கும் `Hall` என்று அறையைக் கொடுங்கள். இனி இதைச் சொல்லிப் பாருங்கள்:

```
turn on porch lamp
turn off all the lights
set hall lamp to 30 percent
```

மூன்றும் நடந்தால் இரவுக்கு ஒரு ரொட்டீன் வைத்துக்கொள்ளலாம். ஹோம் ஆப்பில் ரொட்டீன் பகுதியில், நீங்கள் சொல்லும் வாக்கியம் ஒன்றைத் தொடக்கமாகக் கொடுத்து, அணைய வேண்டிய விளக்குகளைச் செயலாகச் சேருங்கள். வீட்டில் யார் சொன்னாலும் ஓட வேண்டும் என்றால் ரொட்டீனை வீட்டுக்குப் பொதுவானதாக உருவாக்க வேண்டும். தனிநபர் ரொட்டீன் உருவாக்கியவருக்குத்தான் ஓடும். போர்ச் விளக்கை இதில் சேர்க்காமல் விடுங்கள், ராத்திரி ஒரு வெளிச்சம் வெளியில் இருப்பது நல்லது.

7. வேலை செய்யவில்லை என்றால் எங்கே பார்ப்பது: சித்தி வீட்டில் நடந்தது

போன மழைக்காலத்தில் சித்தி போன் பண்ணி, "டிவிகிட்ட சொன்னா டிவைஸ் இல்லைன்னு சொல்லுது கண்ணு, நேத்து வரைக்கும் எரிஞ்சுது" என்றார். அவருடைய மகன் அதற்குள் பல்பைக் கழற்றி, ஆப்பில் அழித்து, மறுபடி சேர்த்து எல்லாம் முடித்திருந்தான். அப்படியும் வரவில்லை. நான் போய்க் கீழே இருந்து மேலே ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தேன். நீங்களும் இதே வரிசையில் பாருங்கள்.

சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? இருந்தது. பாதி வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும். பழக்கத்தில் யாராவது சுவிட்சை அணைத்திருப்பார்கள், கரண்ட் இல்லாத பல்பு எந்தக் கட்டளையையும் கேட்காது. அந்த சுவிட்ச் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவதுதான் நான் கண்ட நல்ல வழி.

ஸ்மார்ட் லைஃபில் பல்பு எரிகிறதா? மொபைல் டேட்டாவில் போட்டேன், எரிந்தது. அப்படியானால் பல்பும் வைஃபையும் நெட்டும் நன்றாக இருக்கின்றன, பல்பைத் தொடவே தேவையில்லை. இங்கே `Offline` என்று காட்டியிருந்தால் இரண்டாம், மூன்றாம் படிக்குப் போக வேண்டும்.

அதே போனில் கூகுள் ஹோம் ஆப்பில் எரிகிறதா? எரிந்தது. அப்படியானால் இணைப்பும் சரி. இந்த இடத்தில் மட்டும் `Offline` என்று வந்தால் ஸ்மார்ட் லைஃப் இணைப்பை மறுபடி அனுமதிக்க வேண்டும். ஸ்மார்ட் லைஃப் பாஸ்வேர்டை மாற்றியவர்களுக்கு இது வரும்.

மீதி இருப்பது டிவி மட்டும். `Accounts & sign-in` திறந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி தன் வீடியோக்களைப் பார்க்க டிவியில் தன் அக்கவுண்டைச் சேர்த்து, அதற்கு மாற்றிவிட்டிருந்தாள். டிவி அவளுடைய வீட்டில் பல்பைத் தேடிக்கொண்டிருந்தது. பழைய அக்கவுண்டுக்கு மாற்றினேன், அந்த நிமிடமே எரிந்தது. பேத்தியை ஹோம் ஆப்பில் வீட்டு உறுப்பினராகச் சேர்த்தேன், இனி அவள் அக்கவுண்ட் இருந்தாலும் விளக்குகள் தெரியும்.

பல்பை அழித்து மறுபடி சேர்த்ததில் மகன் செய்திருந்த ரொட்டீனும் அறையும் போய்விட்டிருந்தன, அவற்றை மட்டும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், மேலே சொன்ன நான்கையும் பார்ப்பதற்கு முன் எதையும் அழிக்காதீர்கள்.

8. கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களுக்கு

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டை விழுந்து, கொப்பு உரசி, கரண்ட் போய்ப் போய் வரும். நம் பக்கத்துக்கு இந்தப் படி கட்டாயம்.

புதிய பல்பு எப்படி வரும் என்றால், கரண்ட் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையறையில் பளிச்சென்று எரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஸ்மார்ட் லைஃபில் அந்த பல்பைத் திறந்து, செட்டிங்கில் கரண்ட் வந்த பிறகு என்ன நிலை என்ற தேர்வைத் தேடுங்கள். சில பல்பில் `Power-on Behavior` என்றும், பிளக்கில் `Relay Status` என்றும் இருக்கும். பல்புக்குக் கடைசியாக இருந்த நிலையை நினைவில் வைக்கும்படி கொடுங்கள். கீசர், இஸ்திரிப் பெட்டி மாட்டும் பிளக்குக்கு மட்டும் கட்டாயம் `Off` கொடுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது கரண்ட் வந்து கீசர் தானாக ஓடக் கூடாது.

இன்னொரு விஷயம், இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயந்து போகிறார்கள். கரண்ட் சில நொடிக்குள் மூன்று நான்கு தடவை வெட்டி வெட்டி வந்தால், நாம் சுவிட்சைத் தட்டிச் சேர்க்கும் நிலைக்குக் கொண்டுபோனோமே, பல்புக்கு அது அதே மாதிரித்தான் தெரியும். தானாக மினுக்கத் தொடங்கிவிடும். பல்பு கெடவில்லை. ஆப்பில் பழையதை அழிக்காமல், அதே ஸ்மார்ட் லைஃப் அக்கவுண்டில் மறுபடி சேருங்கள். எங்கள் வீட்டில் இப்படிச் செய்தபோது பெயரும் அறையும் அப்படியே திரும்பி வந்தன. காற்று நின்ற பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் அரை மணியில் இதே வேலை திரும்பவும் வரும்.

கரண்ட் வந்ததும் டிவியிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ரூட்டர் முழுதாக எழுந்து நெட் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதன் பிறகுதான் பல்புகள் ஒவ்வொன்றாகச் சேரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டரையும், ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும், அந்த லைனில் போட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் நெட் வராது. ரூட்டர் அணையாமல் இருந்தால் கரண்ட் வந்த சில நொடியில் பல்புகள் சேர்ந்துவிடுகின்றன, எங்கள் வீட்டில் அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அம்மா என்னைக் கூப்பிடுவது பாதியாகக் குறைந்துவிட்டது.